அல்வாச் சூட்டில் சுருங்கிய டப்பா, ஃபிரீசரில் சிதறிய டப்பா: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியில் அல்வாவும், உறையவைத்த தேங்காய்த் துருவலும் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் எழுந்த சிக்கல் இது. அரைக் கிலோ அல்வாவுக்குக் கண்ணாடிபோல உள்ளே இருப்பது தெரியும் பெட் டப்பாவை வாங்கினார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் போட்டிருக்கும் வகை அது. வாணலியை இறக்கிய சூட்டோடு அல்வாவை அள்ளி வைத்ததும் பக்கச் சுவர்கள் உள்வாங்கின, அடி குமிழ்ந்தது, மூடி பொருந்தவில்லை. அதனால் 5 என்ற எண் போட்ட பாலிப்ரோப்பிலீன் டப்பாவுக்கு மாறினார்கள். அல்வாச் சூட்டுக்கு அது அசையவே இல்லை. அந்தத் தைரியத்தில் அதே டப்பாவில் தேங்காய்த் துருவலையும் அடைத்து மைனஸ் 18 டிகிரி குளிர் அறையில் வைத்தார்கள். வண்டியில் ஏற்றும்போது இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்த டப்பாக்கள் சில்லுசில்லாக உடைந்தன. (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாமே செல்சியஸ்.)

"டப்பா உருகிட்டு அண்ணாச்சி" என்பது பேக்கிங் செய்பவர் சொன்ன முதல் புகார். இரண்டாவதற்கு "மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டுட்டாங்க" என்று காரணம் சொல்லப்பட்டது. முதலாவது நிச்சயமாகத் தவறு. பெட் உருகுவது 250 டிகிரியை ஒட்டித்தான். எந்த அல்வாவும் அந்தச் சூட்டுக்குப் போகாது. இரண்டாவது நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் இங்கே அது காரணமில்லை. நல்ல பாலிப்ரோப்பிலீனும் அந்தக் குளிரில் அப்படித்தான் உடையும்.

பிளாஸ்டிக்கின் உள்ளே

பிளாஸ்டிக் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். அந்தச் சங்கிலிகள் இரண்டு விதமாகக் கிடக்கலாம். ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக் கிடக்கும் பகுதியை உருவற்ற பகுதி என்கிறோம். மடிந்து மடிந்து வரிசையாக அடுக்கிய பகுதி படிகம். பெட் டப்பாவில் ஏறக்குறைய முழுவதும் உருவற்ற பகுதிதான். பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் ஏறத்தாழப் பாதி படிகம், மீதி உருவற்றது.

உருவற்ற பகுதிக்கு உருகுநிலை கிடையாது. அதற்கு இருப்பது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. இங்கே சுருக்கமாகக் கண்ணாடிப் புள்ளி என்று சொல்லலாம். அதற்குக் கீழே சங்கிலிகளின் துண்டுகள் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தாண்டி நகர முடியாது. பொருள் விறைப்பாக இருக்கும். அதற்கு மேலே போனால் சங்கிலித் துண்டுகள் நெளிந்து நகரும். பொருள் ரப்பர்போல இளகும். படிகப் பகுதி அப்படி இல்லை. அது கண்ணாடிப் புள்ளியைப் பொருட்படுத்தாமல், தன் உருகுநிலை வரும்வரை கட்டாகவே நிற்கும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கடலையைப் பிடித்திருக்கும் பாகு படிகமாகாமல் இறுகிய சர்க்கரை, அதாவது உண்மையிலேயே ஒரு கண்ணாடி. அறைச் சூட்டில் அது 'படக்'கென்று உடையும். மழைக்காலத்தில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக் கொண்டு பிசுபிசுக்கும். நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அந்தப் பாகின் கண்ணாடிப் புள்ளியை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்கிவிடுகின்றன. மென்மையான பி.வி.சி. குழாயில் சேர்க்கும் இளக்கி எண்ணெய் செய்வதும் இதே வேலைதான். எதுவும் சேர்க்காத பி.வி.சி.யின் கண்ணாடிப் புள்ளி 80 டிகிரியை ஒட்டியது, அதனால்தான் தண்ணீர்க் குழாய் விறைப்பாக நிற்கிறது. இளக்கி சேர்த்த பி.வி.சி.யில் அது உறைநிலைக்கும் கீழே போய்விடுகிறது, அதனால் தோட்டத்துக் குழாய் சுருட்ட வருகிறது.

இந்த ஆய்வுக்குத் தேவையான எண்கள் கொஞ்சம்தான். பெட்டின் கண்ணாடிப் புள்ளி சுமார் 70 முதல் 80 டிகிரி, உருகுநிலை 250 டிகிரியை ஒட்டி. பாலிப்ரோப்பிலீனின் கண்ணாடிப் புள்ளி மைனஸ் 10 முதல் 0 டிகிரி வரை, உருகுநிலை 160 முதல் 165 டிகிரி. குடமும் வாளியும் செய்யும் ஹெச்.டி.பி.ஈ.யின் கண்ணாடிப் புள்ளி மைனஸ் 110 டிகிரிக்கும் கீழே, உருகுநிலை 130 டிகிரியைச் சுற்றி. அல்வா வந்து விழும் சூடு 85 முதல் 90 டிகிரி. தேங்காய் இருந்த அறை மைனஸ் 18 டிகிரி.

சூட்டில் சுருங்கியது ஏன்

85 டிகிரி என்பது பெட்டின் கண்ணாடிப் புள்ளிக்கு மேலே. டப்பாவில் தாங்கிப் பிடிக்கப் படிகம் இல்லை. ஆகவே சுவர் இளகியது. ஆனால் வெறுமனே இளகியிருந்தால் டப்பா தொய்ந்து மட்டும்தான் போயிருக்கும், இது சுருங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்தால் டப்பா எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இந்த வகை டப்பாவைத் தட்டையான பெட் தாளிலிருந்து செய்கிறார்கள். தாளை 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, ரப்பர் நிலைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த அலுமினிய அச்சுக்குள் வெற்றிடத்தால் உறிஞ்சி இழுப்பார்கள். தாள் நீண்டு சுவராகிறது. அச்சைத் தொட்டதும் குளிர்ந்து, நீண்ட நிலையிலேயே உறைகிறது. சங்கிலிகள் இழுபட்ட நிலையில் மாட்டிக் கொள்கின்றன. மீண்டும் கண்ணாடிப் புள்ளியைத் தாண்டிச் சூடேற்றினால் பூட்டு திறந்து, சங்கிலிகள் பழையபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். டப்பா மறுபடி தாளாக மாறப் பார்க்கிறது என்றே சொல்லலாம். இதனால்தான் அதிகம் இழுபட்ட சுவரும் அடி மூலைகளும் முதலில் சுருங்கின. இழுபடாத விளிம்புப் பட்டை கிட்டத்தட்ட அளவு மாறாமல் இருந்தது. சுருங்கிய டப்பாவையும் புதிய டப்பாவையும் பக்கத்தில் வைத்து, உயரத்தையும் வாய் விட்டத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். உயரம் மிகவும் குறைந்து வாய் விட்டம் அப்படியே இருந்தால் காரணம் இதுதான். உருகியிருந்தால் விளிம்பும் சேர்ந்தே போயிருக்கும்.

சுவர் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான். அந்தத் தடிமனுக்குள் சூடு ஊடுருவ ஓரிரு விநாடி போதும். அதனால் "உடனே மூடி வைத்தால் போதாதா, மெதுவாக ஊற்றினால் போதாதா" என்ற கேள்விகளுக்கு இடமில்லை. சூடான டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் இருப்பவை வெகுநேரம் ஆறாமல் இருக்கும். கீழ் வரிசை மேல் வரிசையின் எடையையும் சுமக்கும். முதல் நாள் தாங்கிய டப்பா அடுக்கில் நசுங்குவது இதனால்.

அல்வாவை 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டுப் பிறகு அடைத்தால் இதே பெட் டப்பா போதும். கண்ணாடிப் புள்ளி ஒற்றைக் கோடு இல்லை, அதற்குச் சில டிகிரி முன்னரே இளகல் தொடங்கிவிடும். அதனால் 70 வரை போகலாம் என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் ஆறிய அல்வா இறுகிவிடும், டப்பாவின் மூலைகளில் படியாது, மேலே நெய் திரண்டு நிற்கும். கூட்டம் நிற்கும் மாலை நேரத்தில் ஆறும்வரை காத்திருக்கவும் யாருக்கும் மனம் வராது. ஆகவே பெட்டைக் கைவிட்டது சரியான முடிவுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். கடையில் விற்கும் மாம்பழச் சாறு பாட்டிலும் பெட்தானே, அதில் சூடாகத்தானே அடைக்கிறார்கள்? அப்படி அடைக்கும் பாட்டில்களை இழுத்து ஊதும்போது சூடான அச்சில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இழுபட்ட சங்கிலிகள் அங்கேயே மிக நுண்ணிய படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருப்பதால் சுவர் தெளிவாகவே இருக்கும், சூட்டையும் தாங்கும். சில பாட்டில்களின் கழுத்து மட்டும் பால்வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருக்கலாம். இழுபடாத அந்தப் பகுதியைத் தனியே சூடாக்கிப் படிகமாக்கியிருக்கிறார்கள். அங்கே படிகத் திரள்கள் பெரியவை, அதனால் ஒளி சிதறி வெண்மை தெரிகிறது. இதை நேரில் பார்க்க விரும்பினால், பெட் டப்பாவின் இழுபடாத விளிம்புத் துண்டு ஒன்றை அடுப்புப் பெட்டியில் 130 டிகிரியில் சில நிமிடம் வைத்து எடுங்கள். வெளுத்துவிடும். அதை வளைத்தால் முன்போல வளையாமல் ஒடியும்.

குளிரில் சிதறியது ஏன்

பாலிப்ரோப்பிலீனின் கதை நேர் எதிர். அறைச் சூட்டிலேயே அதன் உருவற்ற பகுதி கண்ணாடிப் புள்ளிக்கு மேலே, ரப்பர் நிலையில் இருக்கிறது. டப்பா தொய்யாமல் நிற்பது படிகப் பாதியால்தான். படிகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாலிப்ரோப்பிலீனே சாட்சி. சங்கிலியில் மெத்தில் கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒழுங்காக இருந்தால் படிகம் உருவாகும். அவை தாறுமாறாக இருந்தால் அதே வேதிப்பொருள், ஏறத்தாழ அதே கண்ணாடிப் புள்ளியோடு, அறைச் சூட்டில் ஒட்டும் பசையாகக் கிடக்கும். டப்பா செய்ய உதவாது. ஒழுங்கான வகையை 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா குழுவினர் செய்து காட்டினர். 1963இல் கார்ல் சீக்லருடன் சேர்ந்து நாட்டாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான்.

அறைச் சூட்டில் பாலிப்ரோப்பிலீன் டப்பா கீழே விழும்போது இரண்டு பகுதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. படிக அடுக்குகளுக்கு இடையில் இருக்கும் இளகிய பகுதி நெளிகிறது. ஒரு படிகத்திலிருந்து அடுத்த படிகத்துக்குப் போகும் இணைப்புச் சங்கிலிகள் இழுபட்டு, படிக அடுக்கையே கொஞ்சம் பிரித்து எடுக்கின்றன. மோதலின் ஆற்றல் இப்படிச் செலவாகிறது. மைனஸ் 18 டிகிரியில் இளகிய பகுதி கண்ணாடியாகிவிடுகிறது. நெளிய எதுவும் இல்லை. எங்கேயாவது ஒரு விரிசல் தொடங்கினால் அதைத் தடுக்கவும் எதுவும் இல்லை.

அதிலும் மோதலின் வேகம் ஒரு தனிக் கணக்கு. கண்ணாடிப் புள்ளி, நாம் எவ்வளவு வேகமாகச் சங்கிலிகளை நகரச் சொல்கிறோம் என்பதையும் பொறுத்தது. மெதுவாக வளைத்தால் நகர நேரம் இருக்கிறது. விழுந்து தரையில் மோதும்போது ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கே கிடைக்கிறது. வேகம் பத்து மடங்கு கூடினால் கண்ணாடிப் புள்ளி சில டிகிரி மேலே ஏறியதுபோல நடந்துகொள்ளும். ஆகவே மைனஸ் 5 டிகிரியில் கையால் மெல்ல வளைத்துப் பார்த்து "நல்லா வளையுதே" என்று சொன்ன டப்பா, அதே குளிரில் கீழே விழுந்தால் உடையலாம். குளிர் அறையில் அசையாமல் இருந்த டப்பாக்கள் எல்லாம் முழுசாக இருந்தன, வண்டியில் ஏற்றும்போதும் மூடியை நெம்பும்போதும்தான் உடைந்தன என்பது இந்த நிகழ்வில் கிடைத்த முதல் தடயம். உள்ளே உறைந்த பொருள் விரிந்து பிளந்திருந்தால் அறையிலேயே பிளவு தெரிந்திருக்கும்.

இரண்டாவது தடயம் உடைந்த துண்டின் விளிம்பு. கூர்மையாக, பளபளப்பாக, வெண்மைப் படலம் இல்லாமல், இரண்டு துண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படி இருந்தது. இது கண்ணாடி முறிவு. சங்கிலிகள் இழுபட்டு முறிந்திருந்தால் விளிம்பு வெளுத்து, நூலிழுத்ததுபோல நீண்டிருக்கும், துண்டுகள் பொருந்தாது. விரிசல் தொடங்கிய இடங்களும் எதிர்பார்த்தவைதான்: அடியின் கூர்மையான மூலையும், அச்சுக்குள் பிளாஸ்டிக் புகுந்த நடுப்புள்ளியும். இந்த டப்பா ஊசிவார்ப்பில் செய்தது. அந்த நடுப்புள்ளியில் தங்கிப்போன இழுவிசை மற்ற இடங்களைவிட அதிகம்.

மட்டமான சரக்குதான் காரணமா என்பதைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய சுவர் வார்ப்புக்கு, உருகியதும் எளிதாக ஓடும் பிளாஸ்டிக் குருணையை மூலப்பொருளாக விரும்புவார்கள். 230 டிகிரியில் 2.16 கிலோ எடை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் ஓடுகிறது என்று பார்ப்பது உருகு ஓட்ட எண். மெல்லிய டப்பாக் குருணைக்கு இது 30, 40 என்றெல்லாம் இருக்கும். எண் கூடக் கூடச் சங்கிலி குட்டை, சங்கிலி குட்டையானால் படிகங்களுக்கிடையே இணைப்புக் குறைவு, உடைவது எளிது. அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கலந்திருந்தாலும், வார்ப்பு இயந்திரத்தின் உருளையில் அளவுக்கு மீறிச் சூடாக்கியிருந்தாலும் சங்கிலிகள் அறுந்து இந்த எண் ஏறும். பையில் இருக்கும் குருணைக்கும், டப்பாவிலிருந்து வெட்டிய துண்டுக்கும் இந்த எண்ணைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். டப்பாவில் கொஞ்சம் ஏறியிருந்தால் இயல்பு. ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வார்ப்பவரைக் கேள்வி கேட்க வேண்டும். இந்த நிகழ்வில் அப்படி ஏறவில்லை. குருணை நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கானது இல்லை.

வெயிலில் கிடந்து நொறுங்கும் வாளியை இதோடு குழப்பக் கூடாது. அங்கே புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுக்கிறது. மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்து, வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் நுண்விரிசல் ஓடும். உடைவதற்கு அதற்குக் குளிர் தேவையில்லை.

ஆய்வகத் தாளை வாசிப்பது

மதுரையிலும் சென்னை கிண்டியிலும் உள்ள சிப்பெட் மையங்கள் போன்ற பிளாஸ்டிக் ஆய்வகங்களில் டி.எஸ்.சி. என்ற சோதனை செய்வார்கள். டப்பாவிலிருந்து 5 முதல் 10 மில்லிகிராம் துண்டு வெட்டி, சிறு அலுமினியக் கிண்ணத்தில் மூடி, நைட்ரஜன் வாயுவில், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றி, துண்டு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று பதிவார்கள். முதல் சூடேற்றம் டப்பாவின் வரலாற்றைச் சொல்லும்: எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, எவ்வளவு படிகம் ஆனது. குளிரவைத்துச் செய்யும் இரண்டாவது சூடேற்றம் மூலப்பொருளின் இயல்பைச் சொல்லும். டப்பாவின் கோளாறுக்கு முதலாவதையும், சரக்கு சரியா என்பதற்கு இரண்டாவதையும் பார்க்க வேண்டும். ஆய்வகம் இரண்டாவதை மட்டும் தந்தால் முதலாவதையும் கேட்டு வாங்குங்கள்.

பெட் டப்பாவுக்கு வரும் வரைபடத்தில் மூன்று அடையாளங்கள் தெரியும். 75 டிகிரியை ஒட்டி ஒரு படிக்கட்டு, அது கண்ணாடிப் புள்ளி. 130 டிகிரி வாக்கில் எதிர்ப்பக்கம் எழும் குன்று, துண்டு சூடாகும்போதே படிகமாகி வெப்பத்தை வெளியே விடுவது. 250 டிகிரியில் ஒரு பள்ளம், உருகுதல். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. உருகும் பள்ளத்தின் பரப்பை மட்டும் எடுத்துப் படிகத்தன்மையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படிகங்களில் பெரும்பகுதி சோதனைக் கருவிக்குள் உருவானது, டப்பாவில் இருந்ததில்லை. குன்றின் பரப்பைக் கழிக்க வேண்டும்.

படிகத்தன்மை (%) = (உருகு வெப்பம் − படிகமாகும் வெப்பம்) ÷ முழுப் படிகத்தின் உருகு வெப்பம் × 100

ஒரு மாதிரிக் கணக்கு: உருகுதலுக்குக் கிராமுக்கு 45 ஜூல், படிகமானபோது வெளியிட்டது 34 ஜூல் என்று தாளில் இருந்தால், மீதம் 11. முழுவதும் படிகமான பெட்டுக்குக் கிராமுக்கு 140 ஜூல். ஆக டப்பாவில் இருந்த படிகம் 8 சதவீதத்துக்குள். கழிக்காமல் போட்டால் 32 சதவீதம் வரும். அதை நம்பி "படிகம் நிறைய இருக்கிறது, சூட்டைத் தாங்கும்" என்று முடிவெடுத்தால் அல்வா மறுபடி பாடம் சொல்லும்.

பாலிப்ரோப்பிலீனில் அந்தக் குன்று வராது. அது அவ்வளவு வேகமாகப் படிகமாவதால் அச்சுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது. உருகு வெப்பம் 97 ஜூல் என்றால், முழுப் படிகத்துக்கான 207ஆல் வகுக்க, 47 சதவீதம். ஆனால் அதன் கண்ணாடிப் புள்ளி டி.எஸ்.சி. வரைபடத்தில் மிக மங்கலான படியாகத்தான் தெரியும். பல அறிக்கைகளில் "காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார்கள், பெரும்பாலும் சோதனையையே அறைச் சூட்டிலிருந்து தொடங்கியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தப் பொருளுக்குக் கண்ணாடிப் புள்ளியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதைத் தெளிவாகக் காண டி.எம்.ஏ. என்ற கருவி வேண்டும். சிறு பட்டையை விநாடிக்கு ஒருமுறை ஆட்டியபடியே குளிரிலிருந்து சூடேற்றி, விறைப்பு எங்கே சரிகிறது என்று பார்க்கும் கருவி அது.

மாற்று என்ன

சூட்டுக்கு 90, குளிருக்கு மைனஸ் 18. இரண்டையும் ஒரே பொருள் தாங்க வேண்டுமென்றால், உருகுநிலை உயரத்தில் இருக்க வேண்டும், உள்ளே ஏதாவது ஒரு பகுதி மைனஸ் 18 டிகிரியிலும் இளகியே இருக்க வேண்டும். இதற்கென்றே செய்யப்படும் வகை உண்டு. சந்தையில் அதைப் பிளாக் கோபாலிமர் அல்லது இம்பாக்ட் கோபாலிமர் என்று கேட்க வேண்டும். பாலிப்ரோப்பிலீனுக்குள் எத்திலீன்-புரோப்பிலீன் ரப்பர் மிகச் சிறு துளிகளாகப் பரவியிருக்கும். அந்த ரப்பரின் கண்ணாடிப் புள்ளி மைனஸ் 50 டிகிரியை ஒட்டியது. சுற்றியுள்ள பாலிப்ரோப்பிலீன் கண்ணாடியாகிவிட்டாலும், ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றிச் சிறு சிறு விட்டுக்கொடுத்தல்களை ஆயிரக்கணக்கில் தொடங்கிவைத்து, ஒரு பெரிய விரிசல் ஓடவிடாமல் ஆற்றலைத் தின்றுவிடும். ஐஸ்கிரீம் டப்பாக்களில் இந்த வகையைப் பார்க்கலாம். மூடியை வளைத்தால் வளைந்த இடம் வெளுக்கும். அந்த வெளுப்பு குறையில்லை. ரப்பர் துளிகள் வேலை செய்ததற்கான அடையாளம்.

விலையாகக் கொடுக்க வேண்டியது தெளிவை. இம்பாக்ட் வகை பால்போல மங்கலாகத்தான் இருக்கும். அல்வா விற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. அந்தச் செந்நிறமும் நெய் மினுமினுப்பும் வெளியே தெரிய வேண்டும் என்றுதான் பெட்டில் தொடங்கினார்கள்.

தெளிவான பாலிப்ரோப்பிலீன் வேண்டுமென்றால் ரேண்டம் கோபாலிமர் உண்டு. சங்கிலியிலேயே ஆங்காங்கே சில சதவீதம் எத்திலீன் நுழைத்து ஒழுங்கைக் குலைத்திருப்பார்கள். படிகம் குறையும், உருகுநிலை 140 முதல் 150 டிகிரிக்கு இறங்கும், தெளிவு கூடும். அல்வாச் சூட்டுக்கு அது தாராளமாகப் போதும். கண்ணாடிப் புள்ளியும் சற்று இறங்குமே, ஃபிரீசருக்கும் போதாதா என்று விற்பவர் சொல்லிப் பார்ப்பார். அந்தச் சில டிகிரி இறக்கம் மைனஸ் 18க்குப் போதாது. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரிக்கு நல்லது, அதற்குக் கீழே நம்ப வேண்டாம்.

எங்கள் தீர்ப்பு, ஒரே டப்பா என்ற ஆசையை விடுவது. அல்வாவுக்குத் தெளிவான ரேண்டம் வகை, தேங்காய்க்கு இம்பாக்ட் வகை. வார்ப்பு அச்சு ஒன்றே போதும். குருணையை மாற்றினால் சரி. இரண்டும் சுருங்கும் அளவில் சிறு வேறுபாடு வரலாம், மூடிப் பொருத்தத்தை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அச்சை மாற்ற முடிந்தால் அடி மூலையின் உட்பக்க வளைவை, சுவர்த் தடிமனில் பாதிக்காவது கூட்டச் சொல்லலாம். கூர்மூலை எந்தப் பிளாஸ்டிக்கிலும் விரிசலுக்கு வாசல். உணவுக்கான குருணைதானா என்பதற்கு ஐ.எஸ். 10910 தரச் சான்றைக் கேட்க வேண்டும்.

சொன்ன வகையைத்தான் கொடுத்தார்களா என்பதை மேலே சொன்ன டி.எஸ்.சி. தாளே காட்டிக்கொடுக்கும். சாதா வகைக்கு 160 முதல் 165 டிகிரியில் ஒரே பள்ளம். ரேண்டம் வகைக்கு அந்தப் பள்ளம் 140 முதல் 150க்கு நகர்ந்திருக்கும். இம்பாக்ட் வகைக்குப் பெரிய பள்ளம் 160ஐ ஒட்டியே இருக்கும், கூடவே 115 முதல் 120 டிகிரி வாக்கில் ஒரு சின்னப் பள்ளம் பெரும்பாலும் தெரியும். ரப்பரோடு சேர்ந்து உருவாகும் பாலிஎத்திலீன் படிகத்தின் அடையாளம் அது. குருணையின் தகவல் தாளை வாங்கும்போது மோதல் வலிமையை 23 டிகிரியில் மட்டும் கொடுத்திருந்தால் போதாது. மைனஸ் 20 டிகிரிக்கான எண்ணையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பேக்கிங் கூடத்திலேயே செய்யும் சோதனை

ஆய்வகம் போகாமலும் முடிவு தெரிந்துகொள்ளலாம், ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். முதலாவது, வார்த்த அன்றே சோதிக்காதீர்கள். பாலிப்ரோப்பிலீன் அச்சிலிருந்து வந்த பிறகும் இரண்டொரு நாள் மெல்லப் படிகமாகிக்கொண்டே இருக்கும். சூடாக வந்த டப்பா அடுத்த நாளைவிட அதிகம் வளைந்து கொடுக்கும். இரண்டு நாள் அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது, வெற்று டப்பாவைச் சோதிக்காதீர்கள். மெல்லிய சுவர் ஃபிரீசரை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே சூடேறிவிடும்; நம்மூர் மே மாத வெக்கையில் கேட்கவே வேண்டாம். கையில் எடுத்து, நடந்து வந்து போடுவதற்குள் அது கண்ணாடிப் புள்ளியைத் தாண்டி மேலே வந்து, உடையாமல் உங்களை ஏமாற்றும். அரைக் கிலோ துருவலை நிரப்பி, மூடி, ஒரு முழு நாள் மைனஸ் 18 டிகிரியில் வைத்து, ஃபிரீசர் வாசலிலேயே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட வேண்டும். பாதி டப்பாக்களை அடி மூலை படும்படியும், பாதியை மூடி படும்படியும் போடுங்கள். தட்டையாக விழுவது மிக எளிய சோதனை, அதை நம்பக் கூடாது.

இதையே 10, 0, மைனஸ் 10, மைனஸ் 18 என நான்கு வெப்பநிலைகளில், ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து டப்பாக்களோடு செய்தால் உடைப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். சாதா வகையில் 10 டிகிரியிலேயே ஒன்றிரண்டு விரிசல் விடலாம். 0 டிகிரிக்குக் கீழே எண்ணிக்கை சட்டென்று ஏறும். இம்பாக்ட் வகையில் மைனஸ் 18இலும் மூலை வெளுத்து நசுங்கும், பிளக்காது. எத்தனை உடைந்தன என்பதோடு எப்படி உடைந்தன என்பதையும் எழுதிவையுங்கள். கூர்விளிம்போடு சிதறியது, வெளுத்துக் கிழிந்தது, நசுங்கியது என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

மூடியில் கூடுதல் கவனம் தேவை. டப்பாவை இம்பாக்ட் வகைக்கு மாற்றிவிட்டு மூடியைப் பழைய குருணையிலேயே வார்த்துத் தருவது வழக்கம். நெம்பித் திறக்கும் உதடு மிக மெல்லியது, வேகமாக வளைகிறது, ஃபிரீசரிலிருந்து எடுத்த உடனே திறக்கப்படுகிறது. குளிர் அறைச் சரக்குக்கு மூடியை எல்.டி.பி.ஈ. என்ற மென்மையான பாலிஎத்திலீனில் செய்தாலும் தகும். அதன் கண்ணாடிப் புள்ளி மைனஸ் 100 டிகிரிப் பக்கம். வீட்டு ஃபிரீசரில் அது கொஞ்சம் விறைக்கும், உடையாது. ஆனால் அந்த மூடி அல்வா வரிசைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது உருகுவது 105 முதல் 115 டிகிரிக்குள். 90 டிகிரியிலேயே படிகங்களில் ஒரு பகுதி உருகத் தொடங்கி, மூடி தளர்ந்து வழுகும்.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும்

கண்ணாடிப் புள்ளிக்குக் கீழே இருந்தால் உடையும் என்பது பொது விதிதான், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாலிகார்பனேட்டின் கண்ணாடிப் புள்ளி 150 டிகிரியை ஒட்டியது, படிகமும் இல்லை. அந்தக் கணக்குப்படி அறைச் சூட்டில் அது நொறுங்க வேண்டும். ஆனால் ஹெல்மெட் முகமறைப்பும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் பலவும் அதில் செய்தவைதான். அதன் சங்கிலிகள் முழுசாக நகராவிட்டாலும், சங்கிலிக்குள் சிறு துண்டுகள் மைனஸ் 100 டிகிரி வரை அசைந்துகொண்டே இருக்கின்றன. மோதலின் ஆற்றலை அவை வாங்கிக்கொள்கின்றன. கண்ணாடிப் புள்ளி 100 டிகிரியுள்ள பாலிஸ்டைரீனுக்கு அந்த வசதி போதுமானபடி இல்லை. அதனால்தான் தெளிவான பாலிஸ்டைரீன் மூடிகள் அறைச் சூட்டிலேயே 'கிளிக்'கென்று உடைகின்றன. நெய் பட்டால் அவை இன்னும் சீக்கிரம் விரிசல் விடும். அல்வாவுக்குப் பக்கத்தில் அந்த மூடி வரவே கூடாது.